வேலைக்கு ஒரு டெஸ்க்டாப்

மேக் கணினியில் மொழிபெயர்க்கும், மெய்ப்புப் பார்க்கும் நண்பர்களுக்கு,



ஒரு புத்தகத்தை மொழிபெயர்க்க எத்தனை சாளரங்கள் திறந்திருக்க வேண்டும் என்று சொன்னால் வெளியாட்கள் நம்பமாட்டார்கள். மூலநூலின் பிடிஎஃப் ஒன்று, நாம் எழுதும் வேர்ட் கோப்பு ஒன்று, கலைச்சொற்களைக் குறித்துவைத்த எக்செல், சஃபாரியில் இரண்டு மூன்று அகராதிகள், போன வாரம் அனுப்பிய அத்தியாயத்துக்குப் பதிப்பாசிரியர் எழுதிய கேள்விகள். இதெல்லாம் ஒரு புத்தகத்துக்கு மட்டும். நம்மில் பலருக்கு ஒரு புத்தகம் மொழிபெயர்ப்பில் இருக்கும்போதே முந்தைய புத்தகம் மெய்ப்பாகத் திரும்பி வந்து நிற்கும். அதற்கும் இதேபோல ஒரு பட்டாளம். பதின்மூன்று அங்குலத் திரையில் இத்தனையும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும்போது தேடுவதிலேயே பாதிக் கவனம் போய்விடுகிறது.

இதற்கு நாம் கைக்கொள்ளும் வழி மஞ்சள் பொத்தானை அழுத்திச் சாளரத்தை டாக்கில் சுருக்கிவைப்பது. விண்டோஸிலிருந்து மேக்குக்கு வந்தவர்களிடம் இந்தப் பழக்கம் அதிகம். முதலில் இதைத்தான் விடச் சொல்வேன். சாளரங்களையெல்லாம் ஒரே பார்வையில் விரித்துக் காட்டும் மிஷன் கண்ட்ரோலில், சுருக்கிவைத்த சாளரம் வராது. கமாண்டும் எச்சும் அழுத்தி ஒளித்துவைத்த செயலியின் சாளரங்களும் வராது. கமாண்ட்-டேப் போட்டு அந்தச் செயலிக்குப் போனாலும் சுருக்கிய சாளரம் தானாக எழுந்து வராது. ஒழுங்காக வைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, தேட உதவும் கருவியின் கண்ணிலிருந்தே மறைத்துவிடுகிறோம். வேண்டாத சாளரத்தைச் சுருக்காதீர்கள்; அதற்கு உரிய டெஸ்க்டாப்புக்கு அனுப்பிவிடுங்கள். இந்த மடல் முழுவதும் அதைப் பற்றித்தான்.

பழைய கதை கொஞ்சம் தெரிந்தால் இப்போதைய குழப்பம் புரியும். திறந்திருக்கும் சாளரங்களைச் சிறிதாக்கிப் பரப்பிக் காட்டும் எக்ஸ்போசே 2003இல் பேந்தர் பதிப்போடு வந்தது. பல டெஸ்க்டாப்களை வைத்துக்கொள்ள உதவும் ஸ்பேசஸ் 2007இல் லெப்பர்டோடு வந்தது. முதலாவது எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்க; இரண்டாவது தனித்தனியாகப் பிரித்துவைக்க. 2011இல் லயன் பதிப்பில் இரண்டையும் சேர்த்து மிஷன் கண்ட்ரோல் ஆக்கினார்கள். கண்ட்ரோலும் மேல் அம்புக்குறியும் அழுத்தினால் நடுவே சாளரங்கள் விரிவதும், உச்சியில் டெஸ்க்டாப்கள் வரிசையாக நிற்பதும் அதனால்தான். நம்மில் பலர் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்துகிறோம். நமக்கு லாபம் அந்த மேல் வரிசையில் இருக்கிறது.

மிஷன் கண்ட்ரோலைத் திறந்து வலது மேல் மூலையில் இருக்கும் கூட்டல் குறியை அழுத்தினால் புது டெஸ்க்டாப் கிடைக்கும். பதினாறு வரை வைத்துக்கொள்ளலாம். மூன்றோ நான்கோ போதும் என்பது என் கருத்து; அதற்கு மேல் போனால் எது எங்கே என்று நினைவில் வைப்பதே தனி வேலையாகிவிடும்.

எதை எதில் வைப்பது? பெரும்பாலோர் செயலிவாரியாகப் பிரிக்கிறார்கள்: வேர்டுக்கு ஒன்று, சஃபாரிக்கு ஒன்று, பிடிஎஃப்புக்கு ஒன்று. நம் வேலைக்கு இது சரிவராது. மூலத்தில் ஒரு வாக்கியம் படித்து, தமிழில் எழுதி, ஒரு சொல்லுக்கு அகராதி பார்ப்பதற்குள் மூன்று டெஸ்க்டாப் தாண்ட வேண்டும். வேலைவாரியாகப் பிரியுங்கள். முதல் டெஸ்க்டாப் கடிதப் போக்குவரத்துக்கு: மின்னஞ்சல், வாட்ஸ்அப், நாட்காட்டி. இரண்டாவது மொழிபெயர்ப்பில் இருக்கும் புத்தகத்துக்கு. மூன்றாவது மெய்ப்பில் இருக்கும் புத்தகத்துக்கு. வேர்ட் இரண்டிலும் இருக்கும், பிடிஎஃப் திறக்கும் பிரிவ்யூவும் இரண்டிலும் இருக்கும். அது தவறில்லை. மேக்கில் ஒரு செயலியின் சாளரங்கள் வெவ்வேறு டெஸ்க்டாப்களில் இருக்கலாம்.

ஆனால் இப்படிப் பிரித்துவிட்டு, ‘ரெண்டு நாள்லேயே எல்லாம் கலைஞ்சுபோச்சு’ என்று கைவிட்டவர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் மேல் குற்றமில்லை. கணினியோடு வரும் அமைப்புகளே இந்த முறைக்கு எதிராக இருக்கின்றன.

System Settings திறந்து Desktop & Dock பகுதியில் அடிவரை போங்கள். Mission Control என்ற தலைப்பின் கீழ் Automatically rearrange Spaces based on most recent use என்று ஒன்று இருக்கும். எதைக் கடைசியாகப் பயன்படுத்தினீர்களோ அதற்கேற்ப டெஸ்க்டாப்களின் வரிசையை இது மாற்றிக்கொண்டே இருக்கும். இடது பக்கம் இருந்த மின்னஞ்சல் மத்தியானத்துக்குள் வலது பக்கம் போயிருப்பது இதன் வேலை. நம் கை இடத்தை வைத்துத்தான் பழகுகிறது. இடம் மாறினால் பழக்கமே உருவாகாது. முதலில் இதை அணையுங்கள். டெர்மினலில் செய்ய விரும்புகிறவர்களுக்கு:

```
defaults write com.apple.dock mru-spaces -bool false
killall Dock
```

அடுத்தது When switching to an application, switch to a Space with open windows for the application. இது இயங்கும்போது, நீங்கள் மெய்ப்பு டெஸ்க்டாப்பில் இருந்துகொண்டு கமாண்ட்-டேப் போட்டுச் சஃபாரிக்குப் போனால், அங்கே சஃபாரி சாளரம் இல்லையென்றால் திரை சட்டென்று நகர்ந்து வேறு டெஸ்க்டாப்புக்கு உங்களைக் கொண்டுபோய்விடும். கேட்காமலே திரை நழுவினால் காரணம் இது என்று தெரிந்துகொள்ளுங்கள். அணைத்துவிட்டால் மெனு மட்டும் சஃபாரிக்கு மாறும், நீங்கள் இருந்த இடத்திலேயே இருப்பீர்கள்; கமாண்டும் N விசையும் அழுத்தினால் புதுச் சாளரம் அங்கேயே திறக்கும். இதை அணைப்பதா வேண்டாமா என்பதில் ஒருமித்த கருத்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு செயலியையும் ஓரிடத்தில் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இது வசதி. நம்மைப் போல் வேர்டை இரண்டு இடத்தில் வைத்திருப்பவர்களுக்குத் தொல்லை.

மூன்றாவது, டாக்கில் இருக்கும் செயலியின் சின்னத்தை வலது சொடுக்கினால் Options என்பதற்குள் வரும் Assign To. டெஸ்க்டாப் ஒன்றுக்கு மேல் இருந்தால்தான் இது கண்ணில் படும். மின்னஞ்சலையும் வாட்ஸ்அப்பையும் முதல் டெஸ்க்டாப்பில் நின்றுகொண்டு This Desktop என்று கட்டிவிடுங்கள். மேக்கோடு வரும் அகராதிச் செயலிக்கு All Desktops கொடுங்கள், எங்கே போனாலும் கூடவே வரும். வேர்ட், பிரிவ்யூ, சஃபாரி மூன்றையும் None என்றே விட வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கட்டுவது செயலியை, சாளரத்தை அல்ல. வேர்டை இரண்டாம் டெஸ்க்டாப்பில் கட்டினால், மெய்ப்புக்காகத் திறக்கும் வேர்ட் கோப்பும் அங்கேதான் போய் விழும். ‘மூணாவதுல திறந்தேன், ரெண்டாவதுல நிக்குது’ என்றால் அந்தச் செயலியின் Assign To எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

போய்வருவதற்கு எண் விசைகளை இயக்கிக்கொள்வது நல்லது. கண்ட்ரோலோடு இடது வலது அம்புகள் பக்கத்து டெஸ்க்டாப்புக்குப் போகும்; ஒன்றிலிருந்து மூன்றுக்குப் போக இரண்டு தாவல். Keyboard பகுதியில் Keyboard Shortcuts பொத்தானை அழுத்தி, Mission Control வரியின் முன்னால் இருக்கும் சிறு அம்பைத் திறந்தால் Switch to Desktop 1, 2, 3 என்று வரிசை வரும். குறியிட்டுவிட்டால் கண்ட்ரோலும் எண்ணும் போதும். டெஸ்க்டாப்களை முதலில் உருவாக்கிவிட்டு இங்கே வாருங்கள். இல்லாத டெஸ்க்டாப்புக்குப் பட்டியலில் வரி இருக்காது.

இந்த எண் விசைக்கு இன்னொரு பயன், பலர் கவனிக்காதது. ஒரு சாளரத்தின் தலைப்பட்டையைச் சுட்டியால் பிடித்துக்கொண்டு, விடாமல் கண்ட்ரோலும் மூன்றும் அழுத்தினால் அந்தச் சாளரம் உங்களோடு மூன்றாம் டெஸ்க்டாப்புக்கு வந்துவிடும். திரையின் ஓரம்வரை இழுத்துச் சென்று காத்திருக்கும் வேலை மிச்சம்.

ஒரு நடைமுறையைப் பார்ப்போம். இரண்டாம் டெஸ்க்டாப்பில் ஏழாம் அத்தியாயம் ஓடிக்கொண்டிருக்கிறது. இடது பாதியில் மூலம், வலது பாதியில் வேர்ட், பின்னால் அகராதிகள். மெய்ப்பில் இருக்கும் மற்றப் புத்தகத்தின் 140ஆம் பக்கத்தில் ஒரு பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கிறது என்று மின்னஞ்சல் வருகிறது. புதிய பிடிஎஃப்பும் இணைப்பாக இருக்கிறது. கண்ட்ரோல்-1 அழுத்திக் கடிதத்தைப் படிக்கிறீர்கள். இணைப்பை அங்கேயே இருமுறை சொடுக்கித் திறக்காதீர்கள். பிரிவ்யூ ஏற்கெனவே இரண்டாவதில் திறந்திருக்கிறது. புது மெய்ப்பு அங்கே போய் மூலநூலோடு கலந்துவிட வாய்ப்பு உண்டு. இணைப்பைப் புத்தகத்தின் கோப்புறையில் சேமித்துவிட்டுக் கண்ட்ரோல்-3 அழுத்துங்கள். மூன்றாவதில் ஃபைண்டரிலிருந்து பிடிஎஃப்பைத் திறந்து, பக்கத்திலேயே இருக்கும் இறுதி வேர்ட் கோப்பில் அந்தப் பெயரைத் தேடித் திருத்துகிறீர்கள். கண்ட்ரோல்-1 அழுத்திப் பதில் அனுப்புகிறீர்கள். கண்ட்ரோல்-2 அழுத்தினால் ஏழாம் அத்தியாயம் விட்ட இடத்தில், கர்சர் விட்ட வாக்கியத்தில் நிற்கிறது. எந்தச் சாளரத்தையும் சுருக்கவில்லை, நகர்த்தவில்லை.

இடையில் நமக்கே உரிய ஒரு சங்கதி. அஞ்சலோ தமிழ்99ஓ எதில் தட்டச்சு செய்தாலும், சஃபாரியில் ஆங்கிலம் தேடிவிட்டு வேர்டுக்கு வந்தால் விசைப்பலகை ஆங்கிலத்திலேயே நிற்பது பெரிய எரிச்சல். Keyboard பகுதியில் Input Sources வரியில் Edit அழுத்தினால் Automatically switch to a document's input source என்று ஒன்று உண்டு. அதை இயக்கினால் எந்த ஆவணத்தில் எந்த மொழியில் இருந்தீர்களோ, அங்கே திரும்பும்போது விசைப்பலகையும் திரும்பும். டெஸ்க்டாப் மாறி மாறிப் போகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

இனி மூலைகள். Desktop & Dock பகுதியின் கடைசியில் Hot Corners பொத்தான் இருக்கிறது. திரையின் நான்கு மூலைகளில் எதிலாவது கர்சரைக் கொண்டுபோய் முட்டினால் என்ன நடக்க வேண்டும் என்று அங்கே சொல்லலாம். மூலை ஏன்? 1954இல் பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர், ஓர் இலக்கைத் தொட ஆகும் நேரம் அதன் தூரத்தையும் அகலத்தையும் பொறுத்தது என்று வகுத்துக் காட்டினார். திரையின் மூலையில் கர்சர் அதற்கு மேல் போக முடியாமல் தானே நின்றுவிடுகிறது. குறிபார்க்கத் தேவையே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு தள்ளினாலும் போய்ச் சேரும்.

அந்த எளிமையே ஆபத்தும் ஆகிறது. இடது மேல் மூலையை ஒட்டி ஆப்பிள் மெனு இருக்கிறது. திரை முழுக்க விரித்த சாளரத்தின் சிவப்புப் பொத்தானும் அந்தப் பக்கம்தான். அங்கே மிஷன் கண்ட்ரோலை வைத்தால், மெனுவைத் தொடப் போகும் ஒவ்வொரு முறையும் சாளரங்கள் வெடித்துச் சிதறும். வலது மேல் மூலையில் கடிகாரமும் மற்றச் சின்னங்களும். வலது கீழ் மூலையில் 2021இன் மான்டரே பதிப்பிலிருந்து குவிக் நோட் தானாகவே வைக்கப்பட்டிருக்கிறது; ஸ்க்ரோல் பட்டையைப் பிடிக்கப் போய் ஒரு சின்னக் குறிப்புத் தாள் எட்டிப் பார்ப்பதைப் பலர் ஏதோ வைரஸ் என்று நினைத்திருக்கிறார்கள்.

நான்கு மூலைகளையும் நிரப்ப வேண்டாம், இரண்டு போதும். இடது கீழ் மூலைக்கு Application Windows கொடுங்கள். நீங்கள் இருக்கும் செயலியின் சாளரங்களை மட்டும் இது விரிக்கும். சுருக்கிவைத்தவையும் இதில் அடியில் சிறிதாகத் தெரியும் என்பதால், பழைய பழக்கத்தில் சுருக்கிவிட்ட கோப்பை மீட்கவும் உதவும். வலது கீழ் மூலைக்கு Mission Control. அடிக்கடி தவறிப் பட்டுவிடுகிறது என்றால் நிபந்தனை போடலாம்: அமைக்கும் பட்டியல் திறந்திருக்கும்போதே ஆப்ஷன் விசையையோ கமாண்டையோ அழுத்திக்கொண்டு தேர்ந்தெடுத்தால், அந்த விசையும் சேர்ந்திருக்கும்போது மட்டும் மூலை வேலை செய்யும். Lock Screen போன்றவற்றை நிபந்தனை இல்லாமல் வைக்கவே கூடாது.

மிஷன் கண்ட்ரோலுக்கு விசை இருக்கும்போது மூலை எதற்கு என்று கேட்பீர்கள். கை காலியாக இருந்தால் விசை போதும்தான். மூலையின் அருமை கை நிறைய இருக்கும்போது தெரியும். மூன்றாம் டெஸ்க்டாப்பில் ஃபைண்டரில் ஓர் அட்டைப் படத்தைப் பிடித்து இழுக்கிறீர்கள், முதல் டெஸ்க்டாப்பில் எழுதிக்கொண்டிருக்கும் கடிதத்தில் சேர்க்க. படத்தை விடாமல் வலது கீழ் மூலைக்குத் தள்ளுங்கள். மிஷன் கண்ட்ரோல் விரியும். மேல் வரிசையில் முதல் டெஸ்க்டாப் மேல் கொண்டுபோய் ஒரு கணம் நிறுத்தினால் அது திறக்கும். கடிதத்தின் மேல் விட்டுவிடுங்கள். இடையில் எங்கேயும் பொத்தானை விட வேண்டியதில்லை.

இரண்டு திரை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு திரைகளும் சேரும் பக்கத்தில் கர்சர் முட்டி நிற்காது, அடுத்த திரைக்கு நழுவிவிடும். மூலை வேலை செய்யவில்லை என்று தோன்றினால் அது அந்தப் பக்கத்து மூலையா என்று பாருங்கள். வெளிப்பக்க மூலையில் வைத்துக்கொண்டால் பிரச்சினை இல்லை.

சாளரங்களைக் கூட்டாகச் சேர்ப்பது பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. ஆனால் இதில் எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. மிஷன் கண்ட்ரோலில் Group windows by application என்பதை இயக்கினால் ஒரு செயலியின் சாளரங்கள் ஒரே குவியலாக வரும். நாவல் மொழிபெயர்க்கும்போது இது பரவாயில்லை. சிறிதாகிவிட்ட தமிழ்ப் பக்கங்கள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், எது வேர்ட், எது பிடிஎஃப் என்றாவது பிரியும். இன்னும் சந்தேகம் இருந்தால் அந்தச் சாளரத்தின் மேல் கர்சரை வைத்து ஸ்பேஸ் விசையை அழுத்துங்கள், பெரிதாகிக் காட்டும். சஃபாரியில் அகராதிச் சாளரங்கள் பெருகிவிட்டால் Window மெனுவில் Merge All Windows அவற்றை ஒரே சாளரத்தின் தாவல்களாகச் சேர்த்துவிடும். ஒரு முறை யோசித்துவிட்டு அழுத்துங்கள்: வெவ்வேறு டெஸ்க்டாப்களில் பிரித்துவைத்த சாளரங்கள் இருந்தால், சேர்த்த பிறகு மறுபடி கையால்தான் பிரிக்க வேண்டும்.

2022இல் வென்சுரா பதிப்போடு வந்த ஸ்டேஜ் மேனேஜர் இன்னொரு வழி. வேலையில் இருக்கும் சாளரங்கள் நடுவில், மற்றவை இடது ஓரத்தில் சிறு படங்களாக. ஓரத்தில் இருப்பதை இழுத்து நடுவில் விட்டால் இரண்டும் ஒரு கூட்டு. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு சொடுக்கினாலும் சேரும். மூலம், வேர்ட், அகராதி மூன்றையும் இப்படி ஒரு கூட்டாக்கினால் ஒரே சொடுக்கில் மூன்றும் முன்னால் வரும். ஒவ்வொரு டெஸ்க்டாப்புக்கும் தனித்தனியாகக் கூட்டுகள் வைத்துக்கொள்ளலாம். கலைச்சொல் பட்டியல் இரண்டு கூட்டிலும் வேண்டும் என்றால் முடியாது, ஒரு சாளரம் ஒரு கூட்டில்தான் இருக்கும். சிறிய திரையில் இடது ஓரம் பறிபோகிறது என்பதும் ஒரு குறை. மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் அருகருகே வைக்க அகலம் தேவைப்படுகிற நமக்கு அந்த ஓரம் பெரிய இழப்பு. 27 அங்குலத் திரை இருக்கிறவர்கள் முயன்று பாருங்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். டெஸ்க்டாப்களுக்குப் பெயர் வைக்க முடியாது. இத்தனை ஆண்டுகளாக டெஸ்க்டாப் 1, டெஸ்க்டாப் 2 என்றுதான் இருக்கிறது. பின்னணிப் படம் கை கொடுக்கும். Wallpaper பகுதியில் Show on all Spaces என்பதை அணைத்துவிட்டு, ஒவ்வொரு டெஸ்க்டாப்பாகப் போய் வேறு வேறு நிறம் கொடுங்கள். கடிதத்துக்கு நீலம், மெய்ப்புக்குச் சிவப்பு என்று இருந்தால் மேல் வரிசையில் பார்த்தவுடன் தெரியும். டெஸ்க்டாப்பை மூடினால் அதில் இருந்த சாளரங்கள் மூடாது, பக்கத்து டெஸ்க்டாப்புக்கு இடம்பெயரும். புத்தகம் முடிந்ததும் முதலில் சாளரங்களை மூடிவிட்டுப் பிறகு டெஸ்க்டாப்பை மூடுங்கள். கண்ணில் படாத டெஸ்க்டாப்பில் இருப்பதால் நினைவகம் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அங்கே இருக்கும் 600 பக்கப் பிடிஎஃப் அப்போதும் திறந்துதான் இருக்கிறது.

டெஸ்க்டாப் மாறும்போது திரை வழுக்கிச் செல்வது சிலருக்குத் தலைசுற்றலைத் தருகிறது. Accessibility பகுதியில் Reduce motion இயக்கினால் வழுக்கல் போய் மெல்ல மங்கி மாறும்.

இந்த வாரமே எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். தானாக வரிசை மாற்றுவதை இன்றே அணையுங்கள், மின்னஞ்சலை முதல் டெஸ்க்டாப்பில் கட்டுங்கள், எண் விசைகளை இயக்குங்கள். மூலைகளை அடுத்த புத்தகத்தின்போது பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்களைப் போலவே இரண்டு புத்தகங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர்